ஒரே ஸ்கிரிப்ட், நாலு வடிவம்: அக்கா சொன்ன ஒற்றை வரியை வைத்துச் சரிபார்த்த கதை

ரெக்கார்டிங்கில் நம் குரலைக் கேட்டால் ஏன் நமக்கே பிடிப்பதில்லை என்று ஒரு வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதினேன். 980 சொற்கள். நான் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 110 சொல் போகும். ஆக யூடியூபில் 9 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது. இதையே ஷார்ட்ஸ், ரீல்ஸ், பாட்காஸ்ட், எக்ஸ் பதிவு என்று மாற்றிவிடலாம், அரைநாள் வேலைதான் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் நடந்ததுதான் இது.

விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நாம் பேசும்போது நம் குரல் இரண்டு வழியாக நம் காதுக்கு வருகிறது. ஒன்று, வாயிலிருந்து வெளியே போய்க் காற்று வழியாக. இன்னொன்று, மண்டை எலும்பு அதிர்ந்து உள்வழியாக. எலும்பு வழி வரும் ஒலியில் அடித்தொனி அதிகம், அதனால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கிறது. மைக்குக்குப் போவது காற்று வழி வந்தது மட்டும்தான்.

முதல் தவறு எல்லாரும் செய்வதுதான். நீள வீடியோவின் முதல் ஒரு நிமிடத்தை வெட்டிச் செங்குத்தாக்கி ஷார்ட்ஸில் போட்டேன். அந்த ஒரு நிமிடத்தில் என்ன இருந்தது? ஒரு சின்னக் கதை, ஒரு கேள்வி, “வாங்க பார்க்கலாம்”. பதில் அடுத்த எட்டு நிமிடத்தில் இருந்தது. யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எங்கே விலகுகிறார்கள் என்று காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தேன். நான்காவது விநாடியிலேயே கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. நான் “வணக்கம்” சொல்லி முடித்த இடம் அது.

இரண்டாவது தவறு அதைவிட மோசம். முழு ஸ்கிரிப்டையும் நூறு சொல்லுக்குள் அமுக்கினேன். எட்டு விஷயம், ஒவ்வொன்றுக்கும் அரை வாக்கியம். மூச்சுவிடாமல் படித்து அக்காவுக்கு அனுப்பினேன். அக்காவுக்கும் இந்தத் துறைக்கும் சம்பந்தமில்லை, அதனால்தான் அவளிடம் கேட்டேன். “இதுல நான் என்ன சொல்றேன்னு ஒரே வரில சொல்லுக்கா.”

“எலும்பு, அதிர்வு, காதுன்னு ஏதோ ஓடுச்சு. நீ ஏன்டா இவ்ளோ வேகமா பேசுற?”

அங்கேதான் உறைத்தது. அவள் ஒரே வரியில் சொல்லவில்லை என்பது இருக்கட்டும், எனக்கே அந்த வரி தெரியாது. தாளில் எழுதிப் பார்த்தேன். “எலும்பு வழியாகவும் ஒலி பயணிக்கும்.” இது தகவல். இதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து உட்காரமாட்டார்கள். “ரெக்கார்டிங்கில் வருவதுதான் உண்மையான குரல்.” இது பாதி தப்பு, எலும்பு வழி கேட்பது மட்டும் பொய்யா என்ன? இப்படி ஏழெட்டு வரி அடித்துத் திருத்திய பிறகு வந்தது: நமக்குக் கேட்கும் நம் குரலை உலகில் வேறு யாரும் கேட்டதில்லை. எலும்பு, காற்று, மைக் எல்லாம் இந்த வரிக்குச் சாட்சி சொல்ல வருபவை. எந்த வடிவத்தில் எத்தனை சாட்சியைக் கூப்பிடுவது என்பதுதான் கேள்வி. வரி மாறக்கூடாது.

அதற்குப் பிறகு வெட்டுவதை விட்டுவிட்டேன். ஒவ்வொன்றையும் அந்த வரியிலிருந்து புதிதாக எழுத ஆரம்பித்தேன். நீள வீடியோவில் கேள்வி முதலில் வந்து, காரணங்கள் நடந்து, அந்த வரி ஏழாவது நிமிடத்தில் வருகிறது. அங்கே வருபவர் தலைப்பைப் பார்த்து, தானே தொட்டு உள்ளே வந்தவர், காத்திருப்பார். ஷார்ட்ஸில் இருப்பவர் நம்மைத் தேடி வரவில்லை. விரல் தள்ளியபோது நாம் எதிரே வந்தோம், அவ்வளவுதான். அதனால் ஏழாவது நிமிட வரி அங்கே முதல் வாக்கியம் ஆனது. இரண்டாவதாக ஒரு சோதனை. மூன்றாவதாக ஒரே ஒரு காரணம். மொத்தம் 95 சொல், 50 விநாடி:

“உங்களுக்குக் கேக்குற உங்க குரலை உலகத்துல வேற யாருமே கேட்டதில்ல. நம்பலையா? ரெண்டு காதையும் கையால பொத்திக்கிட்டு உங்க பேரைச் சொல்லுங்க…”

காதைப் பொத்தினால் காற்று வழி குறைகிறது, எலும்பு வழி வருவது உள்ளேயே தங்கிக் கனமாகக் கேட்கிறது. நீள வீடியோவில் இந்தச் சோதனை ஐந்தாவது நிமிடத்தில் போகிறபோக்கில் வரும் விஷயம். சின்ன வடிவத்தில் அதுதான் முதுகெலும்பு. கடைசியில் “மறுபடி சொல்லிப் பாருங்க, ஏன்னா…” என்று நிறுத்தினேன். வீடியோ தானாக முதலுக்குத் திரும்பும்போது “உங்களுக்குக் கேக்குற உங்க குரலை” என்று வாக்கியம் ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் வித்தை காட்டுவதுதான். பலித்தது.

பலிக்காதது அந்த ‘ரெண்டு காது’. முதல் நாளே ஒருவர் கமெண்டில் கேட்டார்: “ஒரு கைல போன் இருக்கே, ரெண்டு காதை எப்படிப் பொத்துறது?” நியாயம். நீள வீடியோவை போனை எங்காவது சாய்த்து வைத்தும், பெரிய திரையிலும் பார்ப்பார்கள். இதைக் கையில் பிடித்து, கட்டைவிரல் அடுத்ததைத் தள்ளத் தயாராக இருக்கும்போது பார்க்கிறார்கள். “ஒரு காதை விரலால அடைச்சிக்கிட்டு” என்று மாற்றி மறுபடி எடுத்தேன். ஒரு காதே போதும், அடைத்த பக்கம் குரல் கனமாகக் கேட்கும். என் மேஜையில் உட்கார்ந்து எழுதும்போது எனக்கு இரண்டு கையும் சும்மா இருந்தது, அதனால் தோன்றவில்லை.

ரீல்ஸுக்கு அதே வீடியோ போதும் என்று நினைத்தால் அங்கே வேறு சிக்கல். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்கள் நிறைய. குரலைப் பற்றிய வீடியோவைக் குரலே இல்லாமல் பார்க்கிறார்கள்! நீள வீடியோவில் என் குரலின் இரண்டு பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியிருந்தேன், அது இங்கே செத்தது. ஆனால் விரல் சோதனைக்கு என் குரல் தேவையே இல்லை, அவர்கள் குரல்தான் தேவை. எனவே அந்த வரியும் சோதனையும் திரையில் எழுத்தாகவே நிற்கும்படி செய்தேன்.

இந்த எழுத்து வேலையைக் குறைத்து எடைபோட வேண்டாம். தமிழ்ச் சொல் நீளம். செங்குத்துத் திரையில் படிக்கும் அளவில் வைத்தால் ஒரு வரிக்கு இரண்டு சொல், மிஞ்சினால் மூன்று. ‘பதிவுசெய்யப்பட்டிருக்கிறது’ மாதிரி ஒன்று வந்தால் முடிந்தது கதை. அதை ‘ரெக்கார்ட் ஆகுது’ என்று மாற்றுவது அழகுக்காக அல்ல, இடத்துக்காக. முதல் முறை எழுத்தைத் திரையின் அடியில் வைத்தேன். கணக்குப் பெயரும் விளக்கமும் வந்து அதை மூடிவிட்டன, வலது ஓரத்தில் லைக், ஷேர் பொத்தான்கள் கடைசி எழுத்தைத் தின்றன. நடுவுக்குச் சற்றுக் கீழே, இடப்பக்கம் ஒதுக்கி வைத்த பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. இன்னொன்று: வாய் ‘கேக்குது’ என்று சொல்லும்போது எழுத்து ‘கேட்கிறது’ என்று வந்தால் கண் தடுக்குகிறது. இலக்கணக்காரர்கள் மன்னிக்கட்டும், நான் பேசியதையே எழுதினேன்.

நடுவில் ஒரு ஆசையும் வந்தது. ஷார்ட்ஸ் எல்லை 2024 அக்டோபரிலும் ரீல்ஸ் எல்லை 2025 ஜனவரியிலும் 3 நிமிடமாகிவிட்டன. இடம் இருக்கிறதே என்று இரண்டே முக்கால் நிமிடத்தில் ஒன்று எழுதினேன். மைக்கின் தன்மை, பழகப் பழகக் குரல் பிடித்துப்போவது என்று இரண்டு சாட்சி கூடுதல். அக்காவின் ஒரு வரி: “நல்ல மைக் வாங்கணும்னு சொல்ற.” அதைத் தூக்கிப் போட்டேன்.

பாட்காஸ்டுக்கு நேர் எதிர் நிலைமை. படமே கிடையாது. 980 சொல் ஸ்கிரிப்டில் ‘இங்க பாருங்க’, ‘இந்தச் சிவப்புக் கோடு’, ‘இப்படி’ என்று கையைக் காட்டும் இடங்களைத் தேடி அடிக்கோடிட்டேன். பதினொன்று இருந்தது. எல்லாவற்றையும் சொல்லால் நிரப்ப வேண்டியதாயிற்று. கேட்பவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்பார், நடுவில் கவனம் போகும், பின்னால் தள்ளிக் கேட்கவும் மாட்டார். அதனால் அந்த ஒரு வரியை மூன்று இடத்தில், ஒவ்வொரு தடவையும் வேறு வார்த்தையில் வைத்தேன். நேரம் 12 நிமிடம் ஆனது. சின்னதாக்குவது மட்டும்தான் மாற்றம் என்று இல்லை.

சோதனை அங்கேயும் இடித்தது. காதை விரலால் அடை என்றால், காதில்தான் ஏற்கனவே இயர்போன் இருக்கிறதே? சற்று நேரம் யோசித்த பிறகுதான் புரிந்தது, இயர்போனே அடைப்புதான். “காதுல இயர்போன் இருக்கா? எடுக்காதீங்க. அப்படியே உங்க பேரைச் சொல்லுங்க. இப்போ ஒரு பக்கத்தைக் கழட்டிட்டு மறுபடி சொல்லுங்க.” காதை இறுக்கி அடைக்கும் ரப்பர் முனை வைத்ததில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும், தளர்வாகத் தொங்குவதில் அவ்வளவு தெரியாது என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். இது எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம்.

எக்ஸ் பதிவில் தமிழுக்கென்றே ஒரு கணக்கு இருக்கிறது. கட்டணக் கணக்கு இல்லாதவர்களுக்கு எல்லை 280. அது தமிழ் எழுத்தை எண்ணுவதில்லை, புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணுகிறது. ‘எலும்பு’ நமக்கு 4 எழுத்து, அங்கே 7. நான் போட்டது இது:

“நீங்கள் கேட்கும் உங்கள் குரலை உலகில் வேறு யாரும் கேட்டதில்லை. பேசும்போது ஒலி காற்று வழியாகவும் மண்டை எலும்பு வழியாகவும் உங்கள் காதுக்கு வருகிறது. எலும்பு கனத்தைக் கூட்டுகிறது. ரெக்கார்டிங்கில் அது இல்லை. ஒரு காதை விரலால் அடைத்துப் பேசிப் பாருங்கள்.”

இடைவெளியும் முற்றுப்புள்ளியும் சேர்த்து நம் கணக்கில் 155. அங்கே 248. இங்கே மட்டும் எழுத்துத் தமிழுக்குத் திரும்பினேன், படிப்பவர்களுக்குப் பேச்சுத் தமிழில் ஐந்து வரி கனமாக இருக்கிறது. சோதனை கடைசிக்குப் போனது, ஏனென்றால் படித்து முடித்துவிட்டுத்தான் செய்வார்கள்.

நாலையும் அக்காவிடம் வெவ்வேறு நாளில் கொடுத்தேன். நீள வீடியோவுக்கு: “நம்ம குரல் நமக்கு மட்டும் வேற மாதிரி கேக்குது.” ஷார்ட்ஸுக்கு: “எனக்குக் கேக்குற என் குரல் வேற யாருக்கும் கேக்காது.” பாட்காஸ்டுக்கு ஏறக்குறைய அதேதான். எக்ஸ் பதிவைப் படித்துவிட்டு விரலைக் காதில் வைத்துக்கொண்டே போனில் பேசினாள்.

ஐந்தாவதாக வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு 20 விநாடியில் ஒன்று செய்தேன். அதில் சோதனைக்கு மட்டும்தான் இடம் இருந்தது, அந்த வரி உள்ளே நுழையவில்லை. அக்கா, “காதை அடைச்சா சத்தம் மாறும், அதானே?” என்றாள். அதை வெளியிடவில்லை.