552ஆ 550ஆ: ஒரு விடைக்குறிப்பு ஆட்சேபத்துக்காக ஏழு நாள் அலைந்த கதை

மாநில அரசு வேலைக்கான ஒரு தேர்வு எழுதியிருந்தேன். 200 கேள்வி, கேள்விக்கு 1.5 மதிப்பெண். உத்தேச விடைக்குறிப்பு வந்த அன்று இரவே உட்கார்ந்து சரிபார்த்ததில் இரண்டு கேள்விகளில் எனக்குச் சந்தேகம். கட்-ஆஃப் ஓரத்தில் நிற்கிறவளுக்கு 1.5 மதிப்பெண் என்பது நூற்றுக்கணக்கான பேரைத் தாண்டும் தூரம். அதனால் விடுவதாக இல்லை. ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம், ஆன்லைனில் மட்டும். தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பினால் பார்க்கவே மாட்டார்கள்.

முதல் கேள்வி இதுதான்: மக்களவையின் அதிகபட்ச உறுப்பினர் எண்ணிக்கை யாது? விருப்பங்கள் 543, 545, 550, 552. நான் 550 குறித்திருந்தேன். விடைக்குறிப்பில் 552.

552 எங்கிருந்து வந்தது என்பது போட்டித் தேர்வுக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாநிலங்களிலிருந்து 530, ஒன்றியப் பகுதிகளிலிருந்து 20, குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஆங்கிலோ இந்தியர் 2. பழைய வழிகாட்டி நூல்களில் இப்படித்தான் இருக்கும், நாமும் இப்படித்தான் மனப்பாடம் செய்தோம். ஆனால் அந்த இரண்டு நியமனம் 2020 ஜனவரி 25ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 104வது திருத்தச் சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இட ஒதுக்கீட்டை மட்டும் 70 ஆண்டிலிருந்து 80 ஆண்டாக நீட்டித்தது. ஆங்கிலோ இந்தியர் நியமனத்தை 70 ஆண்டிலேயே நிறுத்திவிட்டது.

முதல் நாள் நான் எழுதியதை இப்போது படித்தால் வருத்தமாக இருக்கிறது. "எல்லாப் புதிய புத்தகங்களிலும் 550 என்றே உள்ளது, எனவே விடையை மாற்ற வேண்டுகிறேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். எங்கள் படிப்பு வட்டத்தில் சட்டம் படித்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதை அனுப்பாதேம்மா, இதில் காரணமே இல்லை" என்றார். அப்புறம் அவர் சொன்ன ஒரு விஷயம்தான் இந்த ஏழு நாளில் எனக்கு அதிகம் உதவியது.

1983இல் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வைத்தது. மருத்துவ நுழைவுத் தேர்வு விடைக்குறிப்பைப் பற்றிய வழக்கு அது. விடைக்குறிப்பு சரி என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறு என்று தெளிவாக நிரூபித்தால் மட்டுமே மாற்றலாம். சுற்றி வளைத்து ஊகித்து, 'இப்படியும் பொருள் கொள்ளலாமே' என்று நியாயப்படுத்துவது போதாது. 2017 டிசம்பரில் ரண் விஜய் சிங் வழக்கில் இதையே இன்னும் இறுக்கிச் சொன்னார்கள்: சந்தேகம் என்று வந்தால் அதன் பலன் தேர்வு நடத்துபவருக்கே, தேர்வருக்கு இல்லை. நீதிமன்றத்துக்கே இந்த அளவுகோல் என்றால், நம் ஆட்சேபத்தைப் படிக்கும் வல்லுநருக்கும் இதே கண்தான் இருக்கும் என்றார் அண்ணன். நம் விடையும் சரி என்று காட்டுவது பாதி வேலைதான். அவர்கள் விடை தவறு என்று காட்ட வேண்டும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்ததும் என் இரண்டாவது கேள்வி கையை விட்டுப் போனது. வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் நடந்த நாள் எது என்ற கேள்விக்கு நான் 1930 ஏப்ரல் 13 குறித்திருந்தேன். ராஜாஜி திருச்சியிலிருந்து நடைப்பயணம் கிளம்பிய நாள் அது. விடைக்குறிப்பில் ஏப்ரல் 30, வேதாரண்யத்தில் உப்பு அள்ளிய நாள். பயணமும் சத்தியாகிரகத்தின் பகுதிதானே என்று நான் இரண்டு பக்கம் வாதாடலாம். ஆனால் 30 தவறு என்று சொல்லும் ஒரு வரியை எந்தப் புத்தகத்திலிருந்தும் என்னால் காட்ட முடியாது. கேள்வியைத் தெளிவாகக் கேட்டிருக்கலாம் என்ற கோபம் இன்றும் எனக்கு இருக்கிறது, ஆனாலும் விட்டுவிட்டேன். என் தேர்வில் ஆட்சேபத்துக்குக் கட்டணம் இல்லை. நீட் மாதிரித் தேர்வில் கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும், அது திரும்பவும் வராது. அங்கே இந்தச் சல்லடை இன்னும் அவசியம்.

சரி, ஆதாரம். அச்சுப் புத்தகம் என்றால் மதிப்பு கூடும் என்று நினைத்து, மூன்றாம் நாள் பஸ் ஏறி ஒரு மணி நேரம் போய் ஒரு பெரிய நூலகத்தில் அரசியலமைப்புச் சட்டப் புத்தகம் கேட்டேன். குறிப்புதவிப் பிரிவுப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டோம் என்றார் அங்கிருந்தவர். போனில் படம் எடுக்கலாமா என்றேன். "மேடம் லீவு, அவங்க வந்தாதான்" என்றார். கெஞ்சிப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கொடுத்து, மத்தியானம் வரை காத்திருந்து ஒருவழியாகப் புத்தகம் கைக்கு வந்தது. நியமனத்தைச் சொல்லும் 331வது பிரிவைப் புரட்டிப் படம் எடுத்தேன். கால வரம்பைச் சொல்லும் 334ஐப் புரட்டினேன். அதில் இட ஒதுக்கீடு, நியமனம் இரண்டுக்குமே 'எழுபது ஆண்டுகள்' என்று இருந்தது. பதிப்பு ஆண்டைப் பார்த்தால் 2015. திருத்தம் வருவதற்கு முந்தைய புத்தகம்.

அதை மட்டும் நான் பார்க்காமல் ஏற்றியிருந்தால் என் ஆதாரமே எனக்கு எதிராகப் போயிருக்கும். 331வது பிரிவின் வாசகம் நீக்கப்படவில்லை, இன்றைய பதிப்பிலும் இருக்கிறது. "81வது பிரிவில் என்ன இருந்தாலும்" இரண்டு பேரை நியமிக்கலாம் என்றுதான் அது தொடங்கும். அந்தப் பக்கத்தைத் தனியாகப் பார்க்கும் யாரும் 552 சரி என்றே சொல்வார்கள். 552ஐ விழுத்துவது 334 மட்டும்தான், அதுவும் 2020க்குப் பிந்தைய பதிப்பில் இருக்கும் 334. அரை நாளும் பஸ் காசும் போனது. ஆனால் ஆட்சேபத்தில் 331ஐ மறைக்காமல் நானே எடுத்து வைத்துப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்த மேசையில்தான் எனக்குப் புரிந்தது.

சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறை இணையதளத்தில் அண்மைப் பதிப்பு பி.டி.எஃப். ஆகவே கிடைக்கிறது. முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். முழுப் புத்தகத்தையும் ஏற்றாதீர்கள், அளவு வரம்பைத் தாண்டும், தாண்டாவிட்டாலும் யாரும் தேடிப் படிக்க மாட்டார்கள். தலைப்புப் பக்கம் (பதிப்பு ஆண்டு தெரியும்படி), 81, 331, 334 என்று நான்கே பக்கம் எடுத்து, தொடர்புள்ள வரிகளுக்குக் கோடிட்டு ஒரே கோப்பாக்கினேன்.

கடைசியில் நான் அனுப்பியது இது:

"உத்தேச விடை 552. சரியான விடை 550. பிரிவு 81(1): மாநிலங்களிலிருந்து 530க்கு மிகாமல், ஒன்றியப் பகுதிகளிலிருந்து 20க்கு மிகாமல், மொத்தம் 550. 552 என்பது பிரிவு 331இன் 2 நியமன உறுப்பினரைச் சேர்த்த எண். பிரிவு 334(b), 104வது திருத்தத்துக்குப் பின், அந்த நியமனத்தை 70 ஆண்டுகளுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. அக்காலம் 2020 ஜனவரியில் முடிந்தது. எனவே தேர்வு நாளில் 331இன்படி யாரையும் நியமிக்க இயலாது. ஆதாரம்: பக்கம் 2, 3, 4."

இதைத் தமிழில் தட்டும்போது ஒரு தொல்லை. பெட்டியில் எழுத்து வரம்பு உண்டு, ஆனால் கணினி நம் எழுத்தை எண்ணுவது வேறு மாதிரி. 'கி' நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு. புள்ளி வைத்த மெய்யும் இரண்டு. வீட்டில் எண்ணி வைத்தது பெட்டிக்குள் போனதும் பாதியில் வெட்டுப்பட்டது. மரியாதைச் சொற்கள், 'தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் காரணங்கள் உள்ளே அடங்கின.

பெரிய அடி ஆறாம் நாள் விழுந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாம் நிரப்பி, என் வினாத்தொகுப்பில் இருந்த 137 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்து, சமர்ப்பித்துவிட்டேன். ஒப்புகைச் சீட்டை பிரிண்ட் எடுத்துப் பார்த்தால் அதில் 137 என்பது வட்டி விகிதக் கணக்கு! ஒவ்வொருவருக்கும் கேள்விகள் வேறு வரிசையில் வரும், ஆட்சேபமோ அவர்கள் வெளியிட்ட மூல வினாத்தாளின் எண்ணை வைத்துத்தான். மக்களவைக் கேள்வி அதில் 62. விருப்பங்களின் வரிசையும் மாறியிருந்தது, என் தாளில் 550 'பி', மூலத்தில் 'சி'. அனுப்பியதைத் திருத்த வழி இல்லை. கை நடுங்கிவிட்டது. சென்டர் அண்ணன்தான், "பதறாதம்மா, வேற நம்பருக்கு இன்னொண்ணு போடவிடுதான்னு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். விட்டது. நடுவில் ஒருமுறை நேரம் முடிந்து வெளியே தள்ளியது, மறுபடி ஓ.டி.பி., மறுபடி ஏற்றம். 62ஆம் எண்ணோடு ஒப்புகைச் சீட்டு வந்தபோது இரவு எட்டு மணி. நல்லவேளையாக நான் வாக்கியத்தில் 'சி' என்று எழுதாமல் 550 என்று எண்ணையே எழுதியிருந்தேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். ஏழாம் நாளுக்குத் தள்ளிப்போடவும் போடாதீர்கள், எனக்கு அந்த ஒரு நாள் கையில் இருந்ததால்தான் நிதானமாகத் திருத்த முடிந்தது.

ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. என்னோடு படிக்கும் தோழி 552 குறித்திருந்தாள். விடை மாறினால் அவளுக்கு 1.5 போகும். அனுப்பும் முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 334ஆம் பிரிவை அனுப்பச் சொன்னாள். படித்துவிட்டு, "சரிதான்டி, போடு" என்றாள்.

தனிப்பட்ட பதில் யாருக்கும் வராது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பல மாதம் கழித்து இறுதி விடைக்குறிப்பு வந்தது. காரணம், விளக்கம் எதுவும் இல்லை, 62க்கு நேராக 'சி' என்று மட்டும் இருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வேதாரண்யம் கேள்வியைத் தேடிப் பார்த்தேன். ஏப்ரல் 30 மாறாமல் அப்படியே இருந்தது.