ஐந்தில் ஒன்று

2023 டிசம்பர் 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மதுரையில் ஒரு தேர்வு மையத்தில் கிளாட் எழுதினேன். தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வு அது. அதுவரை 150 கேள்விகளாக இருந்ததை அந்த ஆண்டுதான் 120 ஆகக் குறைத்திருந்தார்கள். நேரம் 120 நிமிடம். சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறான விடைக்கு 0.25 கழியும், விட்ட கேள்விக்கு ஒன்றும் இல்லை. இந்தக் கால் மதிப்பெண்ணுக்குப் பயந்து பல மாதங்களை வீணாக்கினேன். பிறகு எப்படி அதைச் சரிசெய்தேன் என்பதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முக்கூடல். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். பயிற்சி மையத்துக்குப் போக வசதி இல்லை. பழைய வினாத்தாள்களையும் மாதிரித் தேர்வுகளையும் வைத்து வீட்டிலேயே படித்தேன். தெருவில் ஓர் அண்ணன் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டபோது, "தெரியாவிட்டால் தொடாதே. நெகட்டிவ் மதிப்பெண் ஆளையே கவிழ்த்துவிடும்" என்றார். அப்படியே செய்தேன். முதல் மாதிரித் தேர்வில் 31 கேள்விகளை விட்டுவிட்டேன். எழுதிய 89இல் 61 சரி, 28 தவறு. தவறுகளுக்குக் கழிந்தது 7. மிஞ்சியது 54.

அந்த 31 வெற்று வட்டங்களைப் பார்த்தபோதுதான் கணக்குப் போடத் தோன்றியது. நான்கு தவறுகள் சேர்ந்துதான் ஒரு சரியான விடையைத் தின்கின்றன. அப்படியானால் ஐந்து கேள்விகளை ஊகித்து ஒன்று சரியாக இருந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் நான்கு விடைகளில் ஒன்று சரியாக இருக்க வேண்டுமே! ஐந்தில் ஒன்று போதும் என்ற இடத்தில் நான்கில் ஒன்று கிடைக்கிறது. ஒரு கேள்விக்குச் சராசரியாக 0.0625 மதிப்பெண் வரவு. மிகச் சிறியதுதான், ஆனாலும் வரவு. நான்கில் ஒரு விடையை உறுதியாக அடித்துவிட்டு மற்ற மூன்றில் ஊகித்தால் 0.17 வரை போகும். இரண்டை அடித்துவிட்டால் 0.375.

அண்ணன் சொன்னதும் தவறில்லை. அவர் எழுதும் முதல்நிலைத் தேர்வில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். நான்கு விடைகளுக்கு அந்தக் கழிவை வைத்தால் கண்மூடி ஊகிப்பதன் சராசரி சரியாகப் பூஜ்யம். அவருடைய தேர்வில் தெரியாததைத் தொட்டு எந்த வரவும் இல்லை. அதே அறிவுரையை வேறு கழிவு விகிதம் உள்ள தேர்வுக்கு நான் எடுத்து வந்ததுதான் பிழை.

கணக்கு புரிந்ததும் அடுத்த தேர்வுகளில் எதையும் விடாமல் குறித்தேன். எதிர்பார்த்த அளவுக்கு மதிப்பெண் ஏறவில்லை. நான்கில் ஒன்று என்பது சோழி உருட்டுவதுபோல் குறித்தால்தான். மனிதர்கள் அப்படிக் குறிப்பதில்லை. எது சரிபோலத் தெரிகிறதோ அதைக் குறிக்கிறோம். என் கையின் ஊகம் எத்தனை சதவீதம் பலிக்கிறது என்று தெரியாமல் எந்தச் சூத்திரமும் உதவாது என்று பட்டது.

ஆகவே வினாத்தாளின் ஓரத்தில் குறி போட ஆரம்பித்தேன். உறுதி என்றால் டிக். இரண்டு விடைகளுக்கு நடுவே தவித்தால் 2. ஒன்றை மட்டும் அடிக்க முடிந்தால் 3. ஒன்றுமே தெரியாவிட்டால் 0. விடையைப் பார்ப்பதற்கு முன், குறிக்கும்போதே இந்த எண்ணைப் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டால் மனம் ஏமாற்றும்: சரியாகிவிட்ட ஊகமெல்லாம் "எனக்குத் தெரிந்ததுதான்" என்று டிக் ஆகிவிடும். இரவில் தம்பி விடைகளை ஒவ்வொன்றாக வாசிப்பான். அம்மா பீடித் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் ஒரு நோட்டில் குறிவாரியாக எண்ணி எழுதுவேன்.

எட்டுத் தேர்வுகள் முடிந்தபோது நோட்டில் இருந்த கணக்கு இது. 2 என்று குறித்தவை 148. அவற்றில் 71 சரி. கழிவு போக வரவு 51.75, அதாவது ஒரு தேர்வுக்கு ஆறு மதிப்பெண்ணுக்கு மேல். இவற்றில் பாதியையாவது முன்பு பயந்து விட்டிருப்பேன். 3 என்று குறித்தவை 63, 19 சரி, வரவு 8. ஆனால் 0 என்று குறித்த 72இல் 13தான் சரி. பதினெட்டு சதவீதம்! ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. வரவுக்குப் பதில் 1.75 நட்டம்.

இந்த 72ஐப் பகுதிவாரியாகப் பிரித்தேன். பொது அறிவில் 42க்கு 10 சரி, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. கணிதப் பகுதியில் 30க்கு 3. முப்பது என்பது சிறிய எண்ணிக்கை, தற்செயலாகவும் இருக்கலாம். எனவே அந்த 27 தவறுகளையும் எடுத்து எதைக் குறித்திருக்கிறேன் என்று பார்த்தேன். காரணம் அங்கேயே கிடந்தது. ஒரு பொருளின் விலை 25 சதவீதம் ஏறி 500 ரூபாய் ஆனது, பழைய விலை என்ன என்று ஒரு கேள்வி. விடைகள் 375, 400, 425, 475. நேரமில்லாமல் 375ஐக் குறித்திருக்கிறேன், 500இல் 25 சதவீதம் கழித்தால் அதுதானே வரும் என்று. சரியான விடை 400. 400இல் கால் பங்கு 100 சேர்ந்தால் 500. கணிதத்தில் தவறான விடைகள் சும்மா எழுதப்பட்டவை அல்ல. அவசரத்தில் நாம் செய்யக்கூடிய பிழைகள் எந்த எண்ணைத் தருமோ அந்த எண்களே விடைகளாக நிற்கின்றன. அரைகுறையாகக் கணக்குப் போட்டு "இது போலிருக்கிறது" என்று குறிப்பவரின் கை அங்கேதான் போகும். ஒன்றும் தெரியாதவரை விட அரைகுறையாகத் தெரிந்தவர் அதிகம் இழக்கும் பகுதி அது. பொது அறிவில் அந்த இழுப்பு எனக்கு இல்லை. ஓர் ஒப்பந்தம் எந்த ஊரில் கையெழுத்தானது என்று தெரியாதபோது நான்கு ஊர்களும் எனக்கு ஒன்றுதான்.

அதன்பின் இப்படி முடிவு செய்தேன். பொது அறிவில் 0 என்றால் விடைகளை இரண்டாம் முறை பார்க்காமல் 'சி' வட்டத்தை நிரப்புவது. எந்த எழுத்தாக இருந்தாலும் ஒன்றுதான். முன்கூட்டியே முடிவு செய்துவிட்டால் ஐந்து வினாடியில் முடியும், மனம் இழுக்கவும் இடமில்லை. கணிதத்தில் 0 என்றால் விட்டுவிடுவது. அங்கும் கண்ணை மூடி 'சி' போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கணக்குப்படி போடலாம்தான். ஆனால் கேள்வியைப் படித்த பிறகு என்னால் கண்ணை மூட முடியவில்லை என்பதை நோட்டே காட்டியது.

சட்ட அறிவுப் பகுதியில் வேறு பாடம். அங்கே 0 அபூர்வம்; 2தான் அதிகம். ஒரு மாதிரித் தேர்வில், ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் வைத்திருப்பவர் அது வெளியேறி விளைவிக்கும் சேதத்துக்குப் பொறுப்பு என்ற கொள்கையைப் பத்தி விளக்கியது. 1868இல் ரைலண்ட்ஸ் - ஃப்ளெட்சர் வழக்கில் நிலைபெற்ற கொள்கை. கேள்வியில் ஒருவரின் பெரிய நீர்த்தேக்கத்தை யாரோ அந்நியர் உடைத்துவிட, பக்கத்து வயல் மூழ்குகிறது. கவனமாகப் பராமரித்தார், ஆகவே பொறுப்பில்லை என்பது ஒரு விடை. கவனக்குறைவால் பொறுப்பு என்பது இன்னொன்று. இந்தக் கொள்கையில் கவனம் ஒரு பொருட்டே அல்ல என்பதால் இரண்டையும் உடனே அடித்துவிடலாம். மிஞ்சுபவை: பொருள் வெளியேறியதால் பொறுப்பு, அந்நியர் செயல் என்பதால் பொறுப்பில்லை. நான் 2 போட்டுவிட்டு, அந்நியர் செயல் விதிவிலக்கு என்று எங்கோ படித்த நினைவில் இரண்டாவதைக் குறித்தேன். தவறு. அந்தப் பத்தியில் அந்த விதிவிலக்கே சொல்லப்படவில்லை. தேர்வு கேட்பது பத்தியில் உள்ள கொள்கையைப் பொருத்துவதை. இருபது வினாடி பத்திக்குத் திரும்பியிருந்தால் ஊகமே தேவைப்பட்டிருக்காது. ஆகவே சட்டப் பகுதியின் 2க்கு மட்டும் ஒரு தடவை பத்திக்குத் திரும்புவேன். ஒரு தடவைதான். ஒரு நிமிடம் தவித்தால், அந்த நிமிடத்தில் எழுதியிருக்கக்கூடிய இன்னொரு கேள்வி போய்விடும்.

விடுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. ஒரு மாதிரித் தேர்வில் 47ஆம் கேள்வியை விட்டுவிட்டு 48இன் விடையை 47இன் வரிசையில் நிரப்பினேன். ஒன்பது கேள்விகள் கழித்துத்தான் தெரிந்தது. பேனாவால் நிரப்பியதை அழிக்க முடியாது. அதன்பிறகு ஒரு கேள்வியை விடும்போதெல்லாம் அடுத்த எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வட்டத்துக்குப் போனேன்.

தேர்வன்று இதே முறையில் எழுதினேன். விடைகள் வெளிவந்ததும் தம்பியோடு உட்கார்ந்து எண்ணினேன். டிக் 78, அவற்றில் 70 சரி. உறுதி என்று நினைத்ததிலேயே எட்டுத் தவறு. 2 குறித்தவை 19, 10 சரி, வரவு 7.75. 3 குறித்தவை 6, 2 சரி, வரவு 1. பொது அறிவில் 'சி' போட்டவை 9. ஒன்றே ஒன்று சரி. நட்டம் 1. மொத்தம் 75.75. அந்த ஒன்பதைத் தொடாமல் விட்டிருந்தால் 76.75.

"பார்த்தாயா, அண்ணன் சொன்னது சரி" என்றான் தம்பி. ஒன்பது கேள்விகளில் ஒன்றோ அதற்குக் குறைவாகவோ சரியாகும் வாய்ப்பு பத்தில் மூன்று. அந்த மூன்றில் நான் மாட்டிக்கொண்டேன். அடுத்த தடவை எழுதினாலும் அந்த ஒன்பதைக் குறிக்கவே செய்வேன். மாதிரித் தேர்வுகளிலேயே தேவையான மதிப்பெண்ணை வசதியாகத் தாண்டிக்கொண்டிருந்தால் மட்டும் விட்டிருப்பேன். அப்படிப்பட்டவருக்கு அரை மதிப்பெண் சராசரி வரவைவிட இரண்டு மதிப்பெண் இழக்கும் வாய்ப்புதான் பெரிது. நான் கோட்டுக்குக் கீழேயே தத்தளித்துக்கொண்டிருந்தவள். எனக்கு அந்த ஆட்டம் தேவைப்பட்டது.

இரண்டு வாரத்தில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது. நோட்டு பரணில் இருந்ததால் தப்பியது. அதன் கடைசிப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. கணிதத்தில் நான் விட்ட எட்டுக் கேள்விகளுக்கும், மதுரையிலிருந்து திரும்பும் ரயிலிலேயே, அங்கே இருந்திருந்தால் எதைக் குறித்திருப்பேன் என்று வினாத்தாளில் புள்ளி வைத்திருந்தேன். எட்டில் ஒன்றுதான் சரி. குறித்திருந்தால் முக்கால் மதிப்பெண் போயிருக்கும்.