கயத்தாறிலிருந்து சிறுவயலுக்கு

‘தென்னிந்தியப் புரட்சி’ என்று தலைப்பு எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டாள் ஒரு மாணவி. அதோடு பேனா நின்றுவிட்டது.

இன்று காரைக்குடியில் வரலாற்றுத் தேர்வு. கண்காணிப்பாளர் வாய் திறக்கக் கூடாதே, பார்த்துக்கொண்டே நின்றேன்.

பேனாவைக் கீழே வைத்தாள். மூச்சை மெதுவாக, நீளமாக விட்டாள். அரைப் பக்கம் இடம் விட்டுவிட்டு வரைபடக் கேள்விக்குப் போனாள். கெட்டிக்காரி. பதற்றத்தில் வராத பெயரை நெற்றியைத் தட்டித் தட்டித் தேடினால், அது இன்னும் விலகித்தான் போகும்.

திரும்பி வந்தபோது மறந்துபோன மருது சகோதரர்களின் பெயரை நேராகத் தேடவில்லை. உறுதியாகத் தெரிந்த ஒன்றை ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: 1799, கயத்தாறு, கட்டபொம்மன்.

அப்புறம் என்ன நடந்தது? கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சி மறுபடி விழுந்ததும் எங்கே போனார்? சிறுவயலுக்கு. அங்கே இருந்தவர் சின்ன மருது! நம்ம பக்கத்து ஊராயிற்றே, அது எப்படி மறக்கும்? அங்கிருந்து 1801 ஜூன், ஆங்கிலேயரை எதிர்த்து மருது சகோதரர்கள் விட்ட திருச்சி அறிக்கை. பிறகு திருப்பத்தூர்க் கோட்டை, தூக்கு. பேனா நிற்கவே இல்லை.

மணி அடித்த பிறகு விசாரித்தேன்.

“தேதி மட்டும் குழம்பிருச்சு சார். 16ஆ 24ஆன்னு தெரியல. 1801 அக்டோபர்னு விட்டுட்டேன்.”

குழம்பாமல் என்ன செய்யும்? கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் அக்டோபர்தான், அது 16. மருது சகோதரர்களுக்கு 24. நிச்சயமில்லாத நாளை எழுதாமல் மாதத்தோடு நிறுத்தியது நல்லதுதான்.

பாடத்தைப் புரட்டியே பார்க்காதவனுக்கு மட்டும் இந்த வழி உதவாது. பின்வரிசையில் ஒருவன் கடைசிவரை ஓரத்தில் பூ வரைந்துகொண்டிருந்தான்.