பழைய மின் ஸ்கூட்டரும் நான் எழுதிய கடிதமும்

பாபநாசத்திலிருந்து கும்பகோணத்துக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 30 கிலோமீட்டர். பெட்ரோல் செலவைப் பார்த்துவிட்டு, பழைய மின் ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாம் என்று இந்தக் கோடையில் முடிவு செய்தேன். பேட்டரியை மாற்ற வேண்டி வந்தால் அரை லட்சத்துக்கு மேல் ஆகும். அதனால் பழைய மின் வண்டியில் வண்டியைப் பார்ப்பதைவிடப் பேட்டரியைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று எனக்கு முன்பே தெரியும். அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் தெரியவில்லை.

முதலில் கும்பகோணத்தில் ஒரு வண்டியைப் பார்த்தேன். "பேட்டரி எப்படி இருக்கு?" என்று கேட்டதற்கு "புதுசு மாதிரி இருக்கு" என்றார்கள். முழு சார்ஜில் தெருவை இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. நல்லவேளையாக, இன்னொரு நாள் சார்ஜ் குறைவாக இருந்த நேரத்தில் ஓட்டும் வாய்ப்புக் கிடைத்தது. 24% காட்டிக்கொண்டிருந்த வண்டி, மேம்பாலம் ஏறும்போது ஒரே அடியாக 9%க்கு இறங்கிவிட்டது.

மின் வண்டிகளில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் காரணத்தை விளக்கினார். பேட்டரிக்குள் சின்னச் சின்ன செல்கள் குழுக் குழுவாகத் தொடராக இணைந்திருக்கும். அவற்றில் ஒரு குழு மட்டும் வலுவிழந்தால், மற்றவற்றில் சார்ஜ் இருந்தாலும் அந்தக் குழுவின் மின்னழுத்தம் முதலில் கீழே விழும். பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகை அதைப் பார்த்துத்தான் மீதி எவ்வளவு என்று காட்டும், அதைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தவும் செய்யும். முழு சார்ஜில் ஓட்டினால் இந்தக் குறை வெளியே தெரியாது. ஏற்றத்திலும், சார்ஜ் கால்வாசிக்குக் கீழே போன பிறகும்தான் தெரியும்.

அந்த வண்டியை விட்டுவிட்டேன். அடுத்ததாகத் தஞ்சாவூரில் ஒரு வண்டி வந்தது. வைத்திருந்தவர் ஓய்வு பெற்ற பெரியவர். மூன்று வயதை நெருங்கும் வண்டி, 21,400 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கேட்ட விலை 62,000 ரூபாய். இந்த முறை போனில் கேட்காமல் ஒரு கடிதமாக எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். போனில் கேட்டால் "நல்லா இருக்கு" என்பதைத் தாண்டிப் பதில் வராது. எழுதிக் கேட்டால் என்ன வேண்டும் என்பது அவருக்கும் தெளிவாகும். கடிதம் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் ஸ்கூட்டரை வாங்க விரும்புகிறேன். தினமும் 30 கிலோமீட்டர் ஓட்டுவேன், எனவே பேட்டரி பற்றித் தெரிந்துகொண்டு வாங்க நினைக்கிறேன். தங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் கேட்கவில்லை. பேட்டரியின் நிலை வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் முழுதாகத் தெரியாது.

முதலாவதாக, கம்பெனி சர்வீஸ் சென்டரில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தர முடியுமா? அதில் புதிதில் பிடித்த சார்ஜில் இப்போது எத்தனை பங்கு பிடிக்கிறது என்று காட்டும் பேட்டரி ஆரோக்கிய சதவீதம், செல்களுக்கு இடையிலான மின்னழுத்த வித்தியாசம், பேட்டரியின் வரிசை எண், எடுத்த தேதி ஆகியவை இருக்க வேண்டும். கட்டணம் இருந்தால் நான் தருகிறேன்.

இரண்டாவதாக, வண்டியின் இன்வாய்ஸ், வாரண்டி அட்டை, பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் வரிசை எண் இவற்றின் படங்கள் வேண்டும். பேட்டரியை இடையில் மாற்றியிருந்தாலோ பிரித்து வேலை பார்த்திருந்தாலோ சொல்லுங்கள்.

மூன்றாவதாக, ஒரு நாள் சார்ஜ் 20%க்கு வரும்வரை ஓட்டிவிட்டு, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நான் கொண்டு வரும் மீட்டர் வழியாக 100% வரை சார்ஜ் போட அனுமதிக்க வேண்டும். எத்தனை யூனிட் ஏறுகிறது என்று பார்க்கத்தான்.

எண் கொஞ்சம் குறைவாக வந்தாலும் வண்டி வேண்டாம் என்று சொல்லமாட்டேன், அதற்கேற்ற விலையைப் பேசிக்கொள்ளலாம். வெள்ள நீரில் வண்டி நின்றிருந்தால் அதையும் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள"

டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்பது வழக்கம் என்பதால்தான் அந்தக் கடைசி வரி.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது: முழு சார்ஜில் 'இன்னும் 92 கிலோமீட்டர் ஓடும்' என்று காட்டும் வண்டித் திரை. "இது போதும்ல தம்பி?" என்று கேட்டிருந்தார்.

அது போதாது. கடைசியாக எந்த மோடில், எவ்வளவு மெதுவாக ஓட்டினோம் என்பதை வைத்து வண்டி போடும் கணிப்பு அது. நான்கு நாள் ஒருவர் மட்டும் 30 வேகத்தில் ஓட்டினாலே அந்த எண் உயர்ந்துவிடும். நான் அவரை அழைத்து, "சார், திரையில இருக்கறது வண்டி போடற கணக்கு. எனக்கு அளந்து பார்த்த கணக்கு வேணும். ரிப்போர்ட்டுக்கு நானே கூட வர்றேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி தம்பி, சனிக்கிழமை வாங்க" என்றார்.

சர்வீஸ் சென்டரில் வண்டியை அவர்களுடைய கருவியில் இணைத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். ஆரோக்கியம் 89% என்றிருந்தது. செல் குழுக்களுக்கு இடையே பெரிய வித்தியாசம் இல்லை. தாளில் இருந்த வரிசை எண்ணும் பேட்டரியில் ஒட்டியிருந்ததும் ஒன்றேதான். இதைச் சரிபார்க்காமல் விடக்கூடாது. எண் வேறாக இருந்தால் அந்த ரிப்போர்ட் வேறு பேட்டரியுடையதாக இருக்கலாம், அல்லது பேட்டரி மாறியிருக்கலாம், வாரண்டியும் அதோடு போகும்.

ஆனாலும் 89% என்பதும் அந்த மின்னணுப் பலகை தானே போட்டுக்கொண்ட கணிப்புதான். அதனால் மீட்டர் சோதனையை விடவில்லை. பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகும் சின்ன எனர்ஜி மீட்டர் அது, ஓடிய யூனிட்டை மட்டும் காட்டும். வீட்டு ஈபி மீட்டரில் பார்த்தால் ஃபிரிட்ஜும் விசிறியும் சேர்ந்து வந்துவிடும்.

முந்தைய நாள் மாலை வண்டியை 20%க்கு இறக்கி வைத்திருந்தார். நான் வந்த பிறகுதான் சார்ஜ் போட்டோம். 100% வந்து சார்ஜர் தானாக நின்றபோது மீட்டரில் 2.21 யூனிட். கணக்கு இப்படிப் போனது. மதகில் திறந்துவிட்ட தண்ணீர் முழுக்கக் கடைமடைக்கு வந்து சேராது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரமும் அப்படித்தான், சார்ஜர் சூடாவதில் ஒரு பங்கு போய்விடும். 12% இழப்பு என்று வைத்துக்கொண்டால் பேட்டரிக்குள் போனது 1.94 யூனிட். அது 80 பங்குக்கு. நூறு பங்குக்கு 2.43 யூனிட் வரும்.

இன்வாய்ஸில் பேட்டரி அளவு 3 யூனிட், அதாவது 3 கிலோவாட் மணி என்று இருந்தது. 2.43ஐ 3ஆல் வகுத்தால் 81%. ரிப்போர்ட்டோ 89% என்கிறது. தாள் பொய் என்றுதான் முதலில் நினைத்தேன். பெரியவர் முகமும் சுருங்கியது. "நான் எதையும் மறைக்கலையே" என்றார்.

நண்பருக்குப் போன் போட்டபோதுதான் விஷயம் புரிந்தது. பேட்டரிக்குள் இருக்கும் மொத்த அளவு வேறு, ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் அளவு வேறு. செல்கள் கெடாமலிருக்க மேலேயும் கீழேயும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். திரையில் 0 முதல் 100 வரை காட்டுவது நமக்குக் கிடைக்கும் பகுதியை மட்டும். இந்த வண்டியின் கையேட்டில் அந்த அளவு 2.7 யூனிட் என்று தனியாகப் போட்டிருந்தது. 2.43ஐ 2.7ஆல் வகுத்தால் 90%. தாளும் மீட்டரும் ஏறத்தாழ ஒன்றையே சொல்லின. எதை எதால் வகுக்கிறோம் என்று பார்க்காமல் ஒரு நல்ல மனிதரைத் தவறாக நினைத்துவிட்டேனே என்று வருத்தமாக இருந்தது, அவரிடம் அப்போதே மன்னிப்புக் கேட்டேன்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தொடக்கத்தில் திரை காட்டிய 20% என்பதும் கணிப்புதான். சார்ஜர் இழப்பும் வண்டிக்கு வண்டி மாறும். எனவே ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து, பதினைந்து என்று விலகினால்தான் காரணம் தேட வேண்டும்.

முழு சார்ஜோடு தஞ்சாவூரிலிருந்து பாபநாசம் வரை போய்த் திரும்பினேன். வழியெல்லாம் கவனித்தது ஒன்றைத்தான்: சதவீதம் ஒவ்வொன்றாக இறங்குகிறதா, தாவுகிறதா என்று. 50 கிலோமீட்டருக்கு 62% செலவானது, ஓரிடத்திலும் தாவவில்லை. அதன் பிறகும் தஞ்சாவூருக்குள்ளேயே சுற்றி 15% வரை இறக்கிப் பார்த்தேன். கும்பகோணத்து வண்டி 24%இல் செய்ததை இது செய்யவில்லை.

இந்தக் கணக்கில் கிலோமீட்டருக்குச் சுமார் 30 வாட் மணி செலவாகிறது. 100%இலிருந்து 20% வரை என் ஓட்டத்தில் 64 கிலோமீட்டர் கிடைக்கும். எனக்கு வேண்டியது 30. இன்னும் சில வருடத்தில் பேட்டரி ஆரோக்கியம் 70%க்கு வந்தாலும் ஒரு நாள் ஓட்டத்துக்குப் போதும்.

வாரண்டி அட்டையில் மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முன்னே வருகிறதோ அது என்றிருந்தது. வண்டி வாங்கிய தேதியிலிருந்து எண்ணினால் நான்கு மாதம்தான் பாக்கி. நான் வாங்கும் தேதியிலிருந்து புதிதாகத் தொடங்காது. இதைச் சொல்லித்தான் விலையைப் பேசினேன். பேட்டரியில் குறை சொல்லவில்லை, வாரண்டி முடியப்போவதை மட்டும் சொன்னேன். 55,000க்குச் சம்மதித்தார். ஆர்சி பெயர் மாற்ற 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வண்டி கடனில் வாங்கியதில்லை, அதனால் வங்கிச் சான்று தேவைப்படவில்லை.

கிளம்பும்போது பெரியவர் அந்த மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகனும் பழைய மின் வண்டி ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறானாம். "இது ஒரு வாரம் என்கிட்ட இருக்கட்டுமா தம்பி? அந்தக் கடிதத்தையும் எனக்கு மறுபடி அனுப்புங்க" என்றார். இரண்டையும் கொடுத்துவிட்டு, கரந்தை வழியாக வண்டியை ஓட்டிக்கொண்டு பாபநாசம் வந்து சேர்ந்தேன்.