வரத்து உச்சம் தொட்ட பிறகு அணை எத்தனை நாள் ஏறும்? ஒரு நேரியல் சமன்பாட்டுக் கணக்கு

பொறியியல் கணிதத் தாளுக்குப் படிக்கும்போது, நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு எனக்கு உண்மையிலேயே பிடிபட்டது நீர்த்தேக்கக் கணக்கில்தான். காரணம், இதில் வரும் விடையைத் தண்ணீரின் கணக்கை வைத்தே சரிபார்த்துவிடலாம். புத்தகத்தின் பின்பக்க விடை தேவைப்படாது. இந்தக் கேள்விக்குத் தயாராகிறவர்களுக்காக, நான் போட்டுப் பழகிய ஒரே ஒரு கணக்கை முழுதாகச் சொல்கிறேன்.

அளவு மனதில் நிற்க மேட்டூரை எடுத்துக்கொள்வோம். முழு மட்டம் 120 அடி, அப்போது இருப்பு 93.47 டிஎம்சி. கீழே வரும் வரத்தும் திறப்பும் அந்த அளவுள்ள ஓர் அணைக்குப் பொருந்தும்படி நான் வைத்துக்கொண்ட எண்கள்; காவிரியின் உண்மையான வரத்து இவ்வளவு ஒழுங்காக இருக்காது. நேரம் t மாதத்தில், இருப்பு S டிஎம்சியில். மாத வரத்து சராசரியாக 12, அதற்கு மேலும் கீழும் 10 வரை ஆடுகிறது. திறப்பு மாதம் 10, மாறாதது. ஆவியாதலும் கசிவும் சேர்ந்து மாதத்துக்கு இருப்பில் 5 சதவீதம்.

```
dS/dt = 12 + 10 sin(πt/6) − 10 − 0.05 S
```

இழப்பு இல்லை என்று கேள்வியில் கொடுத்தால் கடைசி உறுப்பு போய்விடும். நேராகத் தொகையிட்டால் போதும். இழப்பு இருந்தால்தான் தொகையீட்டுக் காரணி e^(0.05t) வேண்டும். ஆனால் அதைப் பெருக்கி, e^(0.05t) sin(πt/6) என்பதைப் பகுதி பகுதியாகத் தொகையிடப் போனால் தேர்வு அறையில் நேரம் கரையும், குறியும் தவறும். நான் எப்போதும் விடையின் வடிவத்தை முதலிலேயே எழுதிவிடுவேன்:

```
S = 40 + a sin ωt + b cos ωt + C e^(−0.05t),   ω = π/6 ≈ 0.5236
```

40 எங்கிருந்து வந்தது? சராசரியில் மிஞ்சும் நீர் மாதம் 2 டிஎம்சி. 0.05 S அதற்குச் சமமாகும் இடம் S = 40. பிறகு சமன்பாட்டில் பொருத்தி சைன், கோசைன் கெழுக்களைத் தனித்தனியே ஒப்பிட்டால் இரண்டு எளிய சமன்பாடுகள் கிடைக்கும்:

```
0.05 a − ω b = 10
ω a + 0.05 b = 0
```

இதிலிருந்து a = 1.81, b = −18.93. C உறுப்பை இப்போதைக்கு ஒதுக்கிவைத்து, இந்த இரண்டையும் ஒரே சைனாக 19.01 sin(ωt − φ) என்று எழுதினால் tan φ = −b/a = ω/0.05 = 10.47. ஆக φ = 84.55°. ஒரு மாதம் 30° என்பதால் பின்தங்கல் 84.55/30 = 2.82 மாதம். வரத்து உச்சம் t = 3-ல்; இருப்பின் உச்சம் t = 5.82-ல், ஏறக்குறைய 59 டிஎம்சி.

இப்போது சரிபார்ப்பு. இருப்பு உச்சத்தில் நிற்கிறது என்றால் அந்தக் கணத்தில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருக்க வேண்டும். t = 5.82-ல் வரத்து 12 + 10 sin 174.55° = 12.95. வெளியே போவது திறப்பு 10, இழப்பு 0.05 × 59 = 2.95, கூட்டினால் 12.95. இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதிவிடுங்கள். திருத்துபவருக்கும் தெளிவாக இருக்கும், உங்களுக்கும் அடுத்த கேள்விக்கு நிம்மதியாகப் போகலாம்.

பலர் சறுக்குவது tan φ-ஐத் தலைகீழாக எழுதும்போது. 0.05/ω என்று போட்டால் φ = 5.45° வரும், அதாவது வரத்து உச்சம் தொட்டு ஐந்தாறு நாளில் அணையும் உச்சம் தொடுகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வரத்து மாதம் 22 டிஎம்சியை ஒட்டி இருக்கிறது, வெளியேறுவதோ 13-ஐக்கூடத் தாண்டாது. வருவது அவ்வளவு அதிகமாக இருக்கையில் மட்டம் ஏறாமல் எப்படி நிற்கும்? உண்மையில் வரத்து உச்சத்தில் இருக்கும் t = 3-ல் இருப்பு 41.8தான், சராசரியைச் சற்றே தாண்டியிருக்கிறது. அணை மிக வேகமாக ஏறுவதும் அந்த நாட்களில்தான். இன்னொன்று கால்குலேட்டர்: டிகிரியில் எடுத்தால் 30-ஆல் வகுக்க வேண்டும், ரேடியனில் எடுத்தால் ω-ஆல். கலந்துவிட்டால் 161 மாதம் என்று வந்து நிற்கும். பின்தங்கல் 3 மாதத்தைத் தாண்டாது என்று தெரிந்திருந்தால் உடனே பிடித்துவிடலாம்.

அந்த 3 மாதம் இழப்பே இல்லாதபோது வரும் எல்லை. φ அப்போது சரியாக 90°. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, கேள்வித்தாள்களில் இதைத்தான் விரும்பிக் கேட்பார்கள். இழப்பு இல்லாமல் திறப்பு 10 என்றே இருந்தால் விடை இப்படி:

```
S = S0 + 2t + (60/π)(1 − cos ωt)
```

ஆடும் பகுதியின் பின்தங்கல் 3 மாதம்தான். ஆனால் 2t என்ற ஏற்றமும் கூடவே ஓடுவதால் இருப்பு உச்சம் தொடுவது t = 6-ல் அல்ல. 12 + 10 sin ωt = 10 என்று வைத்தால் sin ωt = −0.2, இறங்குமுகத்தில் t = 6.38. வரத்து உச்சத்திலிருந்து 3.38 மாதம்! ‘கட்டப் பின்தங்கல் என்ன?’ என்று கேட்டால் 90°. ‘இருப்பு எப்போது அதிகபட்சம்?’ என்று கேட்டால் 6.38. இரண்டும் வேறு கேள்விகள். ஆண்டுக்கு 24 டிஎம்சி சேர்ந்துகொண்டே போகும் என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடலாம்.

C-ஐ ‘சீக்கிரம் மறைந்துவிடும்’ என்று எழுதிக் கைவிடுவதும் இந்தக் கணக்கில் செல்லாது. e^(−0.05t) ஓராண்டு கழித்தும் 0.55 இருக்கும். உதாரணமாக S(0) = 60 என்றால், C உறுப்பு இல்லாத நிலையான விடை t = 0-வில் 21.07 தருவதால் C = 38.93. முதல் ஆண்டில் dS/dt = 0 ஆவது t = 5.53-ல், இருப்பு 88.3 டிஎம்சியில். அதாவது நிலையான விடை சொல்வதைவிட எட்டொன்பது நாள் முன்பே. ‘நெடுங்காலத்துக்குப் பிறகு’ என்ற சொற்கள் கேள்வியில் இருந்தால் மட்டும் C-ஐ விடுங்கள்.

அப்புறம் நீர்மட்டம். பக்கச்சுவர் செங்குத்து, பரப்பு A என்று கொடுத்திருந்தால் S = A h, எல்லாம் A-ஆல் வகுபடும். உண்மையான அணை மேலே போகப் போக அகலும். மேட்டூரில் 100 அடிக்குச் சுமார் 65 டிஎம்சி, மீதமுள்ள 20 அடியில் மட்டும் 28 டிஎம்சிக்கு மேல். அதனால் அடியில் வரையும் கோடு சுத்தமான சைன் வடிவில் இருக்காது, உச்சிப் பகுதி தட்டையாகத் தெரியும். ஆனால் இருப்பு கூடினால் மட்டமும் கூடும் என்பதால் உச்சம் தொடும் நாள் மாறாது.

விடை மாறுவது அணை நிரம்பி வழியும்போது. இதே கணக்கில் S(0) = 70 என்று வைத்துப் பாருங்கள். சூத்திரம் 95 டிஎம்சிக்கு மேல் காட்டும், ஆனால் 93.47-ஐத் தொட்டதுமே உபரிநீர் திறந்தாக வேண்டும். அதன் பிறகு திறப்பு மாறிலி அல்ல. மட்டம் 120 அடியிலேயே நிற்கும், வரத்து 10 + 0.05 × 93.47 = 14.67-க்குக் கீழே இறங்கும் வரை. அந்த நேரம் ஏறக்குறைய t = 5.5, இறக்கம் தொடங்கும் நாள் என்று அதைத்தான் எழுத வேண்டும்.