F18-இல் இருப்பது ஒன்றா, ஏழா?

ஜூலை 5, 2025, சனி

குடியிருப்பாளர் சங்கத்து அக்கா ஒரு பிளாஸ்டிக் பையில் 62 ஃபாரம் கொடுத்துவிட்டுப் போனார். கோலாலம்பூரில் எங்கள் பிபிஆர் என்ற அரசு மலிவு வீட்டு அடுக்குமாடியின் ஒரு புளோக்கில், போன மாதம் வீடு வீடாக ஏறி எடுத்த கணக்கு. எத்தனை பேர், என்ன வயது, என்ன வேலை, மாத வருமானம். எழுதியவர்கள் மூன்று பேர். ஒருவர் வேலையைத் தமிழில் எழுதுகிறார், ஒருவர் மலாயில், மூன்றாமவர் அன்றைய மனநிலைக்கு ஏற்றபடி. "எக்செல்ல ஏத்திக் கொடு தம்பி, தட்டச்சு வேலதானே" என்றார் அக்கா.

முதல் வீடு 7-11. ஏழாம் மாடி, பதினொன்றாம் கதவு. தட்டியதும் எக்செல் அதை நவம்பர் 7 ஆக்கிவிட்டது. சரி, எழுத்து வகைக்கு மாற்றுவோம் என்று `Text` கொடுத்தால் 45968 என்று வந்து நிற்கிறது. தேதியை உள்ளே அது நாள் எண்ணாகத்தான் வைத்திருக்கிறதாம். நெடுவரிசை முழுவதையும் முதலில் `Text` ஆக்கிவிட்டு, பிறகு கதவு எண்களைத் தட்ட வேண்டும். 14 வீட்டை அழித்து மறுபடி தட்டினேன்.

ஜூலை 7, திங்கள்

வருமானக் கட்டம் ஒன்பது ஃபாரத்தில் காலி, அல்லது ஒரு கோடு. நேற்று தூக்கக் கலக்கத்தில் அத்தனைக்கும் 0 போட்டிருக்கிறேன். மீதி 53 வீட்டின் கூட்டுத்தொகை 121,900 வெள்ளி, சராசரி 2,300. ஒன்பது பூஜ்யத்தையும் சேர்த்தால் 1,966க்கு இறங்குகிறது. யாரும் ஏழையாகவில்லை, நான்தான் ஆக்கினேன். கோடு என்றால் 'சொல்ல விரும்பவில்லை' என்றும் இருக்கலாம், 'கேட்கவே இல்லை' என்றும் இருக்கலாம். ஒரே ஒரு ஃபாரத்தில் மட்டும் தெளிவாக 0, பக்கத்தில் 'மகன் பார்த்துக்கொள்கிறான்'. அது உண்மையான பூஜ்யம், அந்த 53இல் அதுவும் சேர்த்தி. மற்ற ஒன்பதையும் அழித்து வெறுமையாக விட்டேன். `AVERAGE` வெறும் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, பூஜ்யத்தைச் சேர்க்கும்.

ஜூலை 9, புதன்

இன்று முழுக்க F18, அதாவது 17ஆம் ஃபாரத்தின் வருமானக் கட்டம். கிளினிங் வேலை, வருமானம் 1100 அல்லது 1700. முதல் தடவை யோசிக்காமல் 1700 தட்டியிருந்தேன். ஏன் என்று பிறகுதான் உறைத்தது: பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் 1,700 என்று என் மண்டையில் இருக்கிறது. சட்டத்தைப் படித்துவிட்டு ஃபாரத்தைப் படித்திருக்கிறேன். அந்த அம்மா அரைநாள் வேலைக்குப் போகிறவராக இருந்தால் 1,100 வரலாமே.

கையெழுத்தைக் கேட்போம் என்று அதே ஆள் எழுதிய 19 ஃபாரத்தையும் தரையில் பரப்பினேன். கதவு எண் நல்ல சாட்சி. அங்கே 1 எது, 7 எது என்று கதவே சொல்லிவிடும். இவர் 7க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிறவர். F18-இல் கோடு இல்லை. அப்படியானால் 1100 என்று முடித்திருப்பேன். ஆனால் மூன்று கதவு எண்ணில் கோடில்லாத 7 கிடைத்தது, மூன்றும் கடைசி மாடிகளில். பாவம், ஏறி இறங்கிக் களைத்திருப்பார். ஆக, 1100 என்பது சாய்வுதான், தீர்ப்பில்லை. F18-ஐ அழித்தேன்.

ஜூலை 12, சனி

சந்தேகக் கட்டத்துக்கு மஞ்சள் பூசியிருந்தேன். CSV ஆகச் சேமித்துப் பார்த்ததில் நிறம் போய்விட்டது. அதனால் G நெடுவரிசையில் 'ஐயம்' என்று தலைப்பிட்டுச் சொல்லாகவே எழுதினேன். அட்டவணையோடு அனுப்பிய குறிப்பு:

> அக்கா, வணக்கம். 62 ஃபாரமும் ஏற்றியாயிற்று. முதல் வரிசை தலைப்பு, அதனால் ஃபாரம் 17 என்றால் வரிசை 18. பெயரும் ஐசி எண்ணும் ஏற்றவில்லை.
>
> F18: 1100 அல்லது 1700. கையெழுத்து 1100 பக்கம் சாய்கிறது. வீட்டில் கேட்டால்தான் தெரியும்.
>
> C31: மொத்தம் 5 பேர் என்று இருக்கிறது, வயது நான்குதான். 5 என்றே வைத்திருக்கிறேன். ஒருவர் வெளியூரில் வேலையா, வயது விட்டுப்போயிற்றா என்று எழுதியவரிடம் கேளுங்கள்.
>
> F44: '50 sehari' என்று தினக்கூலி. மாதத்தில் எத்தனை நாள் வேலை என்று இல்லை. 26ஆல் பெருக்க எனக்கு மனமில்லை. F காலி, G-யில் அப்படியே எழுதியிருக்கிறேன்.
>
> வருமானம் சொல்லாத ஒன்பது வீட்டுக்கும் G-யில் 'பதில் இல்லை' என்று இருக்கும். தயவுசெய்து அவற்றில் 0 போட வேண்டாம். ஃபாரங்களை வரிசைப்படி கட்டி வைத்திருக்கிறேன். இவை தீரும்வரை கிழித்துப் போடாதீர்கள்.

ஜூலை 13, ஞாயிறு

அக்கா போன் பண்ணினார். C31 தீர்ந்தது. ஐந்தாவது ஆள் மூன்று வாரக் கைக்குழந்தை. 'வயது எத்தனை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டிருக்கிறார்கள். இங்கே 0 போடலாம்.

F44காரர் மழை பெய்தால் வேலை இல்லை, மாதத்துக்கு மாதம் மாறும் என்றாராம். அது காலியாகவே இருக்கும். F18 அம்மாவுக்கு இரவு வேலை, பகலில் தூங்குவார். செவ்வாய் சாயங்காலம் மேலே போய்க் கேட்கிறேன் என்றார் அக்கா.