ஒரே புட்டி, இரண்டு விதமான எரிச்சல்

தலையில் செதில் உதிர ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து, எங்கள் வீட்டில் டீ ட்ரீ எண்ணெய்ப் புட்டி ஒன்று வந்து சேர்ந்தது. வாங்கியது அக்கா. அவளுக்கும் பொடுகு, எனக்கும் பொடுகு. கூடவே 3 சதவீத சாலிசிலிக் அமில ஷாம்பு ஒன்றும் வாங்கினோம். இரண்டையும் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்பது என் கணக்கு. கணக்கு தப்பியது என்பதைவிட, நான் எதையும் கணக்கிடவே இல்லை என்பதுதான் சரி.

உள்ளங்கையில் அந்த ஷாம்புவை ஊற்றி, அதில் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டுக் கலந்து, தினமும் தலையில் தேய்த்துக் கால் மணி நேரம் ஊறவிட்டேன். முதல் மூன்று நாட்கள் அருமையாக இருந்தது. குளுகுளுவென்று ஒரு கூச்சம். செதில்களும் கட்டி கட்டியாகக் கழன்று வந்தன. ஐந்தாம் நாள் தோள்பட்டையில் முன்னைவிட அதிகமாக வெள்ளைத் துகள்கள் கிடந்தன. பொடுகு முற்றுகிறது என்று நினைத்துச் சொட்டுகளை இருபதாக்கினேன். இரண்டு வாரத்தில் நெற்றி ஓரமும் காதின் பின்புறமும் சிவந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது.

தோல் மருத்துவர் உச்சியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "எரிச்சல் எப்போது வருகிறது?" என்பது. ஷாம்பு போட்ட சில நிமிடங்களில், என்றேன். "செதில் எப்படி இருக்கிறது, பிசுக்காகவா, மாவாகவா?" அப்போதுதான் யோசித்தேன். ஆரம்பத்தில் இருந்தவை மஞ்சள் சாயலோடு, எண்ணெய்ப் பிசுக்கோடு முடிவேரில் ஒட்டியிருந்தன. இப்போது கொட்டுபவை உலர்ந்த, சலித்த மாவு போன்றவை. தலைத்தோலும் இழுத்துக் கட்டியதுபோல இருந்தது. "இப்போது கொட்டுவது பொடுகு இல்லை. மருந்து புண்ணாக்கிய தோல் உரிகிறது. அதற்கு நீங்கள் மேலும் மருந்து போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

சாலிசிலிக் அமிலம் செய்யும் வேலை, இறந்த செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பிடிப்பைத் தளர்த்துவது. படிந்த செதில் கழன்று வரும், அவ்வளவுதான். பொடுகுக்குப் பின்னால் இருக்கும் மலசீசியா என்ற பூஞ்சையின் மேல் அதற்குப் பெரிய பிடிப்பு இல்லை. செதில் தீர்ந்த பிறகும் தினமும் கால் மணி நேரம் ஊறவைத்தால், அது அடுத்ததாகத் தளர்த்துவது நல்ல தோலின் மேலடுக்கை. அரித்த இடத்தை நான் நகத்தால் கீறியும் வைத்திருந்தேன். அந்தக் கீறல்களின் வழியே அமிலமும் எண்ணெயும் சுலபமாக உள்ளே இறங்கின.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய காரியத்தை மிகத் தாமதமாகச் செய்தேன். உள்ளங்கையில் வழக்கமாக ஊற்றும் ஷாம்புவை மருந்துக் கரண்டியில் அளந்தேன். பத்து மில்லி இருக்கும் என்று நினைத்திருந்தேன், ஐந்துதான் இருந்தது. சொட்டுமூடியின் அளவைப் பொறுத்து மாறினாலும், இருபது சொட்டை ஏறக்குறைய ஒரு மில்லி என்று கொள்ளலாம். ஆக, பத்துச் சொட்டு அரை மில்லி. ஐந்து மில்லி ஷாம்புவில் கலந்தால் அது மொத்தத்தில் கிட்டத்தட்ட 9 சதவீதம். இருபதாக்கியபோது ஏறக்குறைய 17 சதவீதம். பொடுகுக்குச் சோதித்துப் பார்க்கப்பட்ட அளவோ 5 சதவீதம்: ஆஸ்திரேலியாவில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், 126 பேரில் ஒரு பகுதியினர் 5 சதவீத டீ ட்ரீ ஷாம்புவை நான்கு வாரம் பயன்படுத்தினார்கள். அவர்களிடம் பொடுகு 41 சதவீதம் குறைந்தது. வெறும் ஷாம்பு போட்டவர்களிடம் 11 சதவீதம். அவர்கள் ஊறவைத்தது மூன்று நிமிடம். நான் மூன்று மடங்குக்கு மேல் கலந்து, ஐந்து மடங்கு நேரம் வைத்திருந்தேன்.

இது என் கதை. அக்காவின் கதை வேறு. அவள் என்னைப் போல அவசரக்காரி இல்லை. அதே புட்டியிலிருந்து இரண்டே சொட்டு, வாரம் ஒருமுறை. ஒரு மாதம் எந்தத் தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு தடவை தலைக்குப் போட்ட இரண்டாம் நாள் காலையில் அவள் கண் இமைகள் வீங்கிவிட்டன. தலையில் எரிச்சலே இல்லை! பூச்சிக்கடி என்றே முடிவு செய்திருந்தோம். அடுத்த வாரமும் அதேபோல் வீங்கியதும் மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்து பார்த்தார். டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமை.

எனக்கு வந்தது அளவு மீறியதால் வந்த எரிச்சல்: போட்டவுடன் தெரியும், அளவைக் குறைத்தால் அடங்கும். அக்காவுக்கு வந்ததை உடல் ஒருமுறை கற்றுக்கொண்டால் மறப்பதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், அரைச் சொட்டுக்கும் தலைகாட்டும். தலைத்தோல் தடித்தது என்பதால், தலைக்குப் போட்டதன் வினை மெல்லிய தோலுள்ள இமையிலும் கழுத்திலும் காதிலும் முதலில் தெரிவது உண்டு. மருத்துவர் இன்னொன்றும் சொன்னார்: காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழையதான டீ ட்ரீ எண்ணெயில் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்கள் பெருகுகின்றன. எங்கள் புட்டி மாதக்கணக்கில் குளியலறை ஜன்னலோரத்தில், பாதி மூடிய நிலையில் நின்றது.

எனக்கு இரண்டு வாரம் எல்லாம் நிறுத்தம். மணமில்லாத மென்மையான ஷாம்பு மட்டும். சிவப்பு அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கினேன். முதலில் 2 சதவீத சாலிசிலிக் ஷாம்பு, வாரத்தில் இரண்டு நாள், கடிகாரம் பார்த்து ஐந்து நிமிடம். நெற்றி ஓரத்திலும் காது மடலிலும் முன்கூட்டியே மெல்லிசாக வாசலின் தடவிக்கொண்டேன். நுரை வழிவது அங்கேதான். ஒரு மாதம் கழித்து, நானே கலக்காமல், 5 சதவீதம் என்று அச்சிட்டிருந்த டீ ட்ரீ ஷாம்பு. அதைத் தலைக்குப் போடும் முன் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, சில நிமிடத்தில் கழுவி, நாளுக்கு இருமுறையாக ஒரு வாரம் பார்த்தேன். ஒவ்வாமை தாமதமாக வருவது என்பதால், ஒரு நாள் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்வதில் பொருளில்லை. சாலிசிலிக் போடும் நாளில் இதைத் தொடுவதில்லை. நான்கு வாரத்தில் குறையாவிட்டால் பூஞ்சையை அடக்கும் கீட்டோகோனசோல் ஷாம்புவுக்கு மாறலாம் என்றிருந்தார், தேவைப்படவில்லை. தடித்த வெள்ளிநிறச் செதில் முடியோரத்தைத் தாண்டி இறங்கினால் அது சொரியாசிஸாக இருக்கலாம், அப்போது இந்த வைத்தியத்தை நீட்டாமல் வந்துவிடச் சொன்னார்.

ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களும், சிறு குழந்தைகளுக்குப் போட நினைப்பவர்களும் சாலிசிலிக் அமிலத்தைக் கேட்காமல் தொட வேண்டாம். அந்த எண்ணெயை யாராவது குடித்துவிட்டால் அது விஷம். மிச்சமிருந்த புட்டியை அன்றே அப்புறப்படுத்தினேன்.

அக்கா இப்போது எதை வாங்கினாலும் பின்புறத்து அச்சை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறாள். போன மாதம் முகம் கழுவும் திரவம் ஒன்றின் பட்டியலில், கடைசி வரிக்கு முந்தைய வரியில், மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்று இருந்தது. டீ ட்ரீயின் தாவரப் பெயர். முன்புறத்தில் வெள்ளரியின் படம் மட்டுமே போட்டிருந்தார்கள்.